உருகுவதும் உருகாததும்: ‘பிளாஸ்டிக்’ என்ற ஒற்றைச் சொல் மறைப்பவை

திருவனந்தபுரம் வலியசாலையின் அக்கிரகாரத் தெருவில், ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடுவீடாக வந்து கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கைக் கட்டணத்துடன் பெற்றுச் செல்லும் நாளில், ஒரு சராசரி வீட்டின் பையைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? பால் உறைகள், எண்ணெய்க் குப்பி, தண்ணீர்ப் பாட்டில்கள், பிடி உடைந்த வாளி. அவற்றோடு சேர்ந்து சில நாட்களில் விரிசல் விட்ட மெலமைன் தட்டு ஒன்று, பழைய சுவிட்சு ஒன்று, பிரஷர் குக்கரின் உடைந்த கறுப்புக் கைப்பிடி ஒன்று. பையைக் கொடுப்பவருக்கு இவை யாவும் ஒரே பொருள்தாம். சொல் ஒன்று என்பதால் பொருளும் ஒன்று எனக் கொள்ளப்படுகிறது. வாளி மீண்டும் வாளியாகலாம். கைப்பிடி எக்காலத்திலும் மீண்டும் கைப்பிடியாகாது. இந்த வேறுபாடு பள்ளி வேதியியலில் ‘இளகும் நெகிழி, இறுகும் நெகிழி’ என்று இரண்டு மதிப்பெண் வினாவாகக் கடந்து போய்விடுகிறது. கழிவு மேலாண்மை பற்றிய பொதுப் பேச்சில் அந்த இரண்டு மதிப்பெண் அளவுக்கும் அது இடம்பெறுவதில்லை. குறை சிறியதன்று என்பதே இப்பதிவின் வாதம்.

வாளியிலிருந்து தொடங்கலாம். அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது உயரடர் பாலிஎத்திலீன். இவற்றின் ஒவ்வொரு மூலக்கூறும் பல்லாயிரம் அலகுகள் கோக்கப்பட்ட ஒரு நீண்ட சங்கிலி. சங்கிலியின் உள்ளே கார்பனும் கார்பனும் பிணைந்திருக்கும் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் ஆற்றல் தேவை. ஆனால் ஒரு சங்கிலியை அடுத்த சங்கிலியோடு ஒட்டவைத்திருப்பது அத்தகைய பிணைப்பு அன்று. அடுத்தடுத்துப் படிந்திருப்பதால் எழும் மெல்லிய ஈர்ப்பு விசைகளே அங்கு உள்ளன. ஓர் அலகுக்கு என்று கணக்கிட்டால் அவை முன்னதில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டா. ஆகவே வெப்பம் ஏறும்போது சங்கிலி அறுவதற்கு வெகு முன்பே சங்கிலிகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கத் தொடங்கிவிடுகின்றன. பாலிஎத்திலீன் 110 முதல் 130 பாகை செல்சியசுக்கு இடையிலும், பாலிபுரொப்பிலீன் 165 பாகை அளவிலும் உருகுவது இதனால்தான். குளிர்ந்தால் சங்கிலிகள் மீண்டும் படிந்து கெட்டியாகின்றன. மூலக்கூறு அப்படியே இருக்கிறது, அடுக்கு மட்டுமே மாறுகிறது.

குக்கர் கைப்பிடியின் கதை வேறு. அது பேக்கலைட், அதாவது பீனாலும் பார்மால்டிஹைடும் வினைபுரிந்து உண்டான பிசின். லியோ பேக்லாண்ட் 1907ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இங்குக் கவனிக்கவேண்டியது பீனாலின் வடிவம். எத்திலீன் மூலக்கூறு இரு பக்கம் மட்டுமே கைகோக்கும், ஆகையால் அதனால் சங்கிலிதான் அமைக்க இயலும். பீனால் வளையத்திலோ வினைபுரியத் தகுந்த இடங்கள் மூன்று. பார்மால்டிஹைடு இரண்டு பீனால் வளையங்களுக்கு இடையே ஒரு கார்பன் பாலம் போடுகிறது. இரண்டு கைகள் உள்ளவர்கள் வரிசையாக நிற்கலாம், மூன்று கைகள் உள்ளவர்கள் சேர்ந்தால் வலைதான் உண்டாகும். தொழிற்சாலையில் பாதி வினைபுரிந்த பிசினை மரத்தூளுடன் கலந்து பொடியாக வைத்திருப்பர். அப்பொடியை 150 முதல் 180 பாகை வரை சூடேற்றிய அச்சில் இட்டு அழுத்தும்போது முதலில் அது உண்மையிலேயே இளகி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாய்கிறது. அடுத்த சில நிமிடங்களில் எஞ்சிய வினை நிறைவேறி, எல்லாத் திசைகளிலும் குறுக்குப் பிணைப்புகள் விழுந்துவிடுகின்றன. கைப்பிடி அச்சிலிருந்து வெளிவரும்போது, கண்டிப்பாகச் சொன்னால், அதிலுள்ள பிசின் பல மூலக்கூறுகளின் திரள் அன்று. ஏறத்தாழ முழுவதும் ஒரே மூலக்கூறு.

இங்குதான் பாடநூல்கள் ஒரு படி முன்னதாக நின்றுவிடுகின்றன. ‘குறுக்குப் பிணைப்பு இருப்பதால் உருகாது’ என்று எழுதி முடிக்கின்றன. இருந்தால் என்ன, அதிக வெப்பம் கொடுத்தால் குறுக்குப் பிணைப்பு மட்டும் அறுந்துவிடாதா என்று ஒரு மாணவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. விடை இதுதான்: குறுக்குப் பிணைப்பும் முதன்மைப் பிணைப்பும் ஒரே வகைச் சகப்பிணைப்புகள், வலிமையிலும் அருகருகே நிற்பவை. ஒன்றை அறுக்கப் போதுமான வெப்பநிலை மற்றதையும் அறுக்கும். வாளியின் பொருளில் ‘வழுக்கும் வெப்பநிலை’க்கும் ‘அறுபடும் வெப்பநிலை’க்கும் இடையே நூறு பாகைக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் மறுசுழற்சித் தொழில் முழுவதும் வாழ்கிறது. கைப்பிடியின் பொருளில் அந்த இடைவெளியே இல்லை. சூடேற்றினால் அது திடநிலையிலிருந்து நேரே கரிநிலைக்குச் செல்கிறது. உறைந்த நெய்யை எத்தனை முறையும் உருக்கலாம், வெந்த இட்லியை மாவாக்க முடியாது என்பது அக்கிரகாரத்துச் சமையலறை அறிந்த உண்மைதான்.

கேரளத்துக்கு இதைச் சொல்லித் தரவேண்டிய தேவையும் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் பாலை உறையவைத்துத் தேய்த்து உலர்த்திய ஷீட்டையும் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும் மீண்டும் பிசைந்து உருவம் கொடுக்கலாம். அதே ரப்பர் கந்தகத்துடன் சூடேற்றப்பட்டு டயர் ஆனபின் மீண்டும் ஷீட் ஆவதில்லை. கந்தகம் இட்ட பாலங்கள் அதைத் தடுக்கின்றன. விற்கும் சரக்கு எது, எரியும் சரக்கு எது என்று தோட்டத்துக்காரர் நன்கறிவார். பிளாஸ்டிக் விஷயத்தில் மட்டும் இந்த அறிவு வீட்டு வாசலைத் தாண்டி வரவில்லை.

இப்போது வலியசாலைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி, வாளிகளோடு சேர்ந்து அரவை இயந்திரத்துக்குள் போய்விட்டது எனக் கொள்வோம். 20 கிலோ பாலிபுரொப்பிலீன் வாளித் துண்டுகளும் 100 கிராம் எடையுள்ள ஒரு கைப்பிடியும். விகிதம் அரை விழுக்காடு. பார்வைக்கு ஒன்றுமில்லாத அளவு. துண்டுகள் நீர்த்தொட்டியில் கழுவப்பட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், ஆகவே மிதக்கும். பேக்கலைட்டின் அடர்த்தி 1.4, மெலமைன் தட்டின் அடர்த்தி 1.5, இரண்டும் மூழ்கும். ஆனால் தண்ணீரைச் சேமிக்க எண்ணித் தொட்டியைத் தவிர்க்கும் சிறு பட்டறையில் அத்துண்டுகள் நேரே உருக்கும் குழலுக்குள் செல்கின்றன. குழலின் வெப்பம் 200 முதல் 220 பாகை. பாலிபுரொப்பிலீன் தேன்பாகுபோல் ஓடுகிறது, கைப்பிடித் துகள்கள் அதற்குள் கல்லாகவே பயணம் செய்கின்றன. குழலின் முனையில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு கண்களைக் கொண்ட கம்பிவலை உண்டு. பெரிய துகள்கள் அதில் அடைபடுகின்றன, பின்னால் அழுத்தம் ஏறுகிறது, இயந்திரத்தை நிறுத்தி வலையை மாற்றவேண்டியிருக்கிறது. அழுத்தமானியின் முள் வழக்கத்தைவிட விரைவாக ஏறுவதுதான் சரக்கில் உருகாதது ஏதோ கலந்திருப்பதற்கு முதல் அறிகுறி.

அடைபடும் துகளைவிட வலையைக் கடந்துவிடும் பொடியே பெரிய தொல்லை. அது புதிய வாளியின் சுவருக்குள் போய் அமர்கிறது. சுற்றியுள்ள பாலிபுரொப்பிலீனுடன் அது ஒட்டுவதில்லை. வாளியில் நீர் நிரப்பித் தூக்கும்போது சுமையெல்லாம் அத்துகளின் ஓரத்தில் குவிகிறது, விரிசல் அங்கிருந்து தொடங்குகிறது. மறுசுழற்சி வாளி காதின் அருகே கிழிந்தால் வாங்கியவர் ‘மறுசுழற்சிச் சரக்கு மட்டம்’ என்று முடிவு கட்டிவிடுகிறார். தவறு மறுசுழற்சியில் இல்லை, பிரிப்பில் இருக்கிறது. பேக்கலைட்டில் நிரப்பியாக இருந்த மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், உருகிய பொருளில் குமிழிகள் ஏன் வருகின்றன என்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

நீர்த்தொட்டிச் சோதனைக்கு எல்லை உண்டு என்பதைச் சொல்லியாகவேண்டும். தண்ணீர்ப் பாட்டிலின் பாலியெஸ்டரும் குழாயின் பிவிசியும் இளகும் வகையைச் சேர்ந்தவையே, எனினும் 1.4 அளவு அடர்த்தியால் பேக்கலைட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். தாதுப் பொடி மிகுதியாகக் கலந்த பாலிபுரொப்பிலீன் நாற்காலியும் மூழ்கலாம். மறுபுறம், மெத்தையின் பாலியூரித்தேன் நுரை குறுக்குப் பிணைப்புடைய இறுகும் வகை, ஆனால் காற்றறைகளால் மிதக்கும். ஐயம் உள்ள இடத்தில் பழைய தொழிலாளர்கள் செய்யும் சோதனையே நம்பத்தகுந்தது: பழுக்கக் காய்ச்சிய கம்பி முனையை மறைவான இடத்தில் அழுத்திப் பார்ப்பது. இளகும் நெகிழியில் கம்பி வழுக்கி இறங்கும், எடுக்கும்போது நூல் இழுக்கும். இறுகும் நெகிழியில் இறங்காது. இடம் கருகும், பீனாலின் மருந்து நெடியோ மெலமைனின் மீன்வாடையோ எழும். அந்நெடியை முகர்ந்து அடையாளம் காணும் பழக்கம் நல்லதன்று, கம்பி இறங்குகிறதா என்பதே போதும்.

இதுவரை சொன்னதைக் கொண்டு ‘இளகும் நெகிழி நல்லது, இறுகும் நெகிழி கெட்டது’ என்று முடிவு செய்வோர் பலர். சூழலியல் ஆர்வலர்களின் பேச்சிலும் இது அடிக்கடி ஒலிக்கிறது. இரு காரணங்களால் அது பிழை.

முதலாவது, உருகுவது எல்லாம் மறுசுழற்சிக்கு வருவதில்லை. பிவிசி உருகுமுன்பே ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடத் தொடங்கும் இயல்புடையது. நிலைப்படுத்திகளின் துணையின்றி அதைக் கையாள முடியாது, பாட்டில் சரக்கில் மிகச் சிறிய அளவு கலந்தாலும் அந்த அமிலம் பாலியெஸ்டர்ச் சங்கிலிகளை வெட்டிவிடும். சிப்ஸ் உறையில் பல படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் உருகும், சேர்த்து உருக்கினால் எதற்கும் உதவாத கலவைதான் மிஞ்சும். தூய சரக்கும் முடிவின்றிச் சுழலாது. பாலிபுரொப்பிலீன் ஒவ்வொரு முறை உருகும்போதும் சங்கிலிகள் சில அறுந்து நீளம் குறைகிறது. உருகுநிலையில் முன்பைவிட நீர்த்து ஓடும், ஆறியபின் எளிதில் நொறுங்கும். பாலிஎத்திலீனுக்கு நேர்வது இதற்கு எதிரானது. அதன் சங்கிலிகளில் கிளைகளும் அங்கங்கே குறுக்குப் பிணைப்புகளும் தோன்றி, உருகிய பொருள் கெட்டியாகி, படலத்தில் ‘ஜெல்’ எனப்படும் சிறு முடிச்சுகள் தெரிகின்றன. இளகும் நெகிழி தன் முதுமையில் சிறிது சிறிதாக இறுகும் நெகிழியின் குணத்தை அடைகிறது என்றே சொல்லலாம். இரண்டுக்கும் இடையே வகுப்பறை வரையும் கோடு அவ்வளவு கூர்மையானதன்று.

இரண்டாவது, உருகாமைதான் அப்பொருளின் வேலை. அடுப்பின் மீது பல ஆண்டுகள் அமர்ந்திருக்கும் குக்கரில் பாலிபுரொப்பிலீன் கைப்பிடி வைத்தால், அடுப்புச் சுடர் ஒருமுறை பக்கவாட்டில் படிந்தாலே அது வளைந்துவிடும். சுவிட்சுக்குள் பொறி பறந்தால் உருகி ஓடும் பொருள் தீயைப் பரப்பும், கருகி நிற்கும் பொருள் பரப்பாது. இதே நகரின் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் ராக்கெட் நாசில்களை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். அவற்றின் உட்புறத்தில் கார்பன் இழையைப் பீனாலிக் பிசினில் தோய்த்து இறுக்கிய பூச்சு உண்டு. எரிவாயு அதன்மீது பாயும்போது பிசின் உருகி வழிவதில்லை. மேற்பரப்பு கரியாகி, அக்கரி தன் அடியில் உள்ள பகுதிக்குக் கவசமாகிறது. கைப்பிடியை மறுசுழற்சிக்கு உதவாததாக்கும் அதே வேதியியல்தான் நாசிலைக் காப்பாற்றுகிறது.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, எந்தப் பொருள் எத்தனை காலம் உழைக்கிறது என்பதே. சில நிமிடங்கள் பயன்பட்டுக் குப்பைக்குப் போகும் பால் உறை, உருகும் பொருளாக இருந்தே தீரவேண்டும். இருபது ஆண்டு உழைக்கும் கைப்பிடி உருகாததாக இருப்பதில் குற்றம் காண இயலாது. விருந்துக்கு மலிவாக வாங்கி, ஓரிரு ஆண்டுகளில் கீறலும் கறையும் விழுந்து வீசப்படும் மெலமைன் தட்டைத்தான் குறைசொல்ல வேண்டும். எஃகுத் தட்டு எவர்சில்வர்க் கடையில் எடைக்கு விலைபோகும் ஒரு பண்பாட்டில், எந்த விலைக்கும் போகாத தட்டைப் புகுத்தியது முன்னேற்றமா என்பது யோசிக்கத்தக்கது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இறுகும் நெகிழியை மறக்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலின்படி அதைக் கையாளவேண்டும் என்று ஒரு வரி அவற்றில் உண்டு. வழிகாட்டுதல் முதன்மையாகக் காட்டும் வழி சிமெண்டுச் சூளை. சூளையில் பொருள் 1450 பாகை அளவுக்குச் சூடேறுகிறது. பிசின் எரிந்து நிலக்கரியின் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. கண்ணாடி இழையும் சுண்ணப் பொடியும் கலந்த பொருளாயின் அவ்விரண்டும் சிமெண்டுக்குள்ளேயே கலந்துவிடுகின்றன. இது நேர்மையான தீர்வு, ஆயினும் மறுசுழற்சி அன்று. பொருள் போய்விடுகிறது, வெப்பமும் சாம்பலும் மட்டுமே மீள்கின்றன. தாழையூத்துச் சிமெண்டு ஆலை வலியசாலையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஒரு தெருவில் ஆண்டு முழுவதும் சேரும் சில கிலோ கைப்பிடிகளை அத்தனை தூரம் கொண்டுசெல்ல வேண்டுமானால், அவை முதலில் ஓரிடத்தில் தனியே சேரவேண்டும்.

சேர்ப்பதற்கான செலவு யாருடையது என்ற இடத்தில்தான் விதிகள் மௌனமாகின்றன. 2022இல் வந்த திருத்தம் உற்பத்தியாளரின் பொறுப்பை விரிவாக்கி, விற்ற அளவுக்கு ஈடாகத் திரும்பப் பெறவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆனால் அது பிளாஸ்டிக் பொதியுறைகளுக்கே உரியது. கெட்டி உறை, மெல்லுறை, பல்லடுக்கு உறை, மக்கும் உறை என்பவையே அதன் வகைகள். இறுகும் நெகிழியால் உறை செய்வது அரிது. ஆகவே மெலமைன் தட்டையும் குக்கர் கைப்பிடியையும் செய்து விற்பவர் மீது அத்திருத்தத்தால் எந்தக் கடமையும் விழவில்லை. உருகும் பொருளுக்குச் சந்தையும் உண்டு, சட்டமும் உண்டு. உருகாத பொருளுக்கு இரண்டும் இல்லை. அதன் சுமை, பையைப் பிரித்துப் பார்க்கும் பெண்களின் கைகளில் வந்து நிற்கிறது. பிரித்தெடுத்த வாளித் துண்டுக்கு விலை கிடைக்கும். பிரித்தெடுத்த கைப்பிடிக்கு உழைப்பு மட்டுமே செலவாகும்.

சாலை போடலாமே என்ற ஆலோசனை உடனே எழும். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறை புகழ்பெற்றது, 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அம்முறையின் உயிர்நாடியே உருகுதல்தான். 160, 170 பாகைக்குச் சூடேற்றிய ஜல்லியின்மீது துணுக்காக்கிய உறைகளைத் தூவும்போது, அவை அரை நிமிட அளவில் இளகி ஜல்லியைப் போர்த்துகின்றன. பின்னர் சேர்க்கும் தார் அப்போர்வையில் நன்றாகப் பற்றுகிறது. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் இதற்கு ஏற்றவை. பிவிசி குளோரினால் விலக்கப்பட்டது. பேக்கலைட்டும் மெலமைனும் அந்த வெப்பத்தில் அசையவே அசையா. கேரளத்திலும் துணுக்காக்கிய பிளாஸ்டிக் சாலைகளுக்குச் செல்கிறது. அந்த வழியும் கைப்பிடிக்கு அடைபட்டதே.

தும்பாவுக்கு எதிர்த்திசையில், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் இதே சிக்கல் பெருவடிவில் காத்திருக்கிறது. அங்குள்ள காற்றாலை இறக்கைகள் கண்ணாடி இழையை இறுகும் பிசினில் பதித்துச் செய்தவை. 1990களில் நட்ட சிறிய காற்றாலைகள் பெரியவற்றுக்கு இடம்விடும் காலம் இது. இறக்கிய இறக்கையை உருக்க வழியில்லை, அறுக்கலாம், அரைக்கலாம், எரிக்கலாம். இங்குதான் வேதியியல் ஒரு புதிய வாசலைத் திறந்திருக்கிறது. பாரிசில் லுத்விக் லைப்லரின் குழு 2011இல் ‘விட்ரிமர்’ என்ற வகையை அறிமுகப்படுத்தியது. அதில் வலை வலையாகவே இருக்கும், சூட்டில் முடிச்சுகள் மட்டும் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொள்ளும். வேறொரு வழியில், ஆதித்ய பிர்லா குழுமத்தின் ‘ரீசைக்ளமைன்’ என்ற இறுக்கியைக் கொண்டு செய்த எபாக்சி மென் அமிலத்தில் கரைந்து, இழையையும் பிசினையும் தனித்தனியே விடுகிறது. சீமென்ஸ் கமேசா 2021இல் அறிவித்த மறுசுழற்சி இறக்கையில் இப்பிசினே பயன்படுகிறது. சூட்டால் பிரியாததை வேறொரு தூண்டுதலால் பிரியும்படி முன்கூட்டியே வடிவமைப்பதுதான் இதன் சாரம். ஏற்கெனவே முப்பந்தலில் சுழலும் இறக்கைகளுக்கோ வலியசாலைக் கைப்பிடிக்கோ இதனால் பயனில்லை. வலை ஒருமுறை கட்டப்பட்டபின் பிரியும் முடிச்சை அதில் செருக இயலாது.

உடனடியாகச் செய்யக்கூடியவை எளியவை. சேனையின் சேகரிப்பில் ‘உருகாதவை’ என்று ஒரு தனிப் பை, ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். அப்பை நகர் முழுவதும் சேர்ந்து சூளைக்குப் போகும் செலவு, தட்டும் கைப்பிடியும் விற்பவர்களிடமிருந்து வரவேண்டும். உற்பத்தியாளர் பொறுப்பைப் பொதியுறையோடு நிறுத்தியதற்கு வேதியியலில் எந்த நியாயமும் இல்லை. அதற்கும் முன்னதாக ஒன்று உண்டு: குக்கர் கைப்பிடி திருகாணியால் பொருத்தப்படுவது. சாலைக் கடைத்தெருவில் மாற்றுக் கைப்பிடி வாங்கி, ஒரு திருப்புளியால் மாட்டிவிடலாம், அலுமினியப் பாத்திரம் தொடர்ந்து உழைக்கும். ஆணி அடித்தோ வார்த்தோ நிரந்தரமாகப் பிணைத்த கைப்பிடிகள் சந்தைக்கு வரத் தொடங்கினால், உடைந்த நூறு கிராம் பேக்கலைட்டுக்காக ஒரு கிலோ உலோகமும் சேர்ந்து கழிவாகும்.